நாலு மூவ் மேட்டும் அவசர ராணியும்: தண்டனை உண்டா?

செஸ் கற்றுக்கொள்ளும் பெரும்பாலோர் முதலில் தோற்பது ஒரே விதமாகத்தான்: நான்காவது நகர்வில், f7 கட்டத்தில், ராணியிடம். இதற்கு ஸ்காலர்ஸ் மேட் என்று பெயர். 1656இல் லண்டனில் பிரான்சிஸ் பீல் வெளியிட்ட செஸ் நூலிலேயே இந்த மேட் இதே பெயரோடு இருக்கிறது. அந்த நூலுக்கு மூலமாக அமைந்தவை இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த கிரேக்கோவின் ஆட்டக் குறிப்புகள். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாகத் தெரிந்த ஒரு தாக்குதல் இன்னும் கேள்வியாக நீடிக்கிறதென்றால், அது மேட்டைப் பற்றிய கேள்வியாக இருக்க முடியாது. மேட்டைத் தடுக்கப் பல வழிகள் உண்டு, எல்லாமே எளியவை. தடுத்த பிறகு என்ன என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவருவது தவறு என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. தவறு என்றால் அதற்குத் தண்டனை இருக்க வேண்டும். அந்தத் தண்டனை எது, எவ்வளவு, அதை எப்போது பெறுவது என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இக்கட்டுரை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசீலிக்கிறது.

நகர்வுகள் வழக்கமான குறியீட்டில் தரப்படுகின்றன. Q ராணி, B பிஷப், N குதிரை, K ராஜா. எழுத்தில்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு.

தாக்குதலில் உள்ள இரண்டு மிரட்டல்கள்

தாக்குதலின் அடிப்படை வடிவம் இது:

```
1. e4 e5  2. Qh5 Nc6  3. Bc4 Nf6??  4. Qxf7#
```

தொடக்க நிலையில் f7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. அதை ராணியும் பிஷப்பும் சேர்ந்து குறிவைத்தால், ராணி வெட்டும்போது ராஜாவால் திருப்பி வெட்ட முடியாது, ஏனென்றால் பின்னால் பிஷப் காவலிருக்கிறது. இது எல்லோர் கண்ணிலும் படுவது. h5இல் நிற்கும் ராணி இன்னொன்றையும் பார்க்கிறது என்பது பலர் கவனிக்காதது. ஐந்தாம் வரிசை வழியாக அது e5 சிப்பாயையும் தாக்குகிறது. அந்தச் சிப்பாய்க்குக் காவல் இல்லையென்றால், ராணி அதை வெட்டும்போது ராஜாவுக்குச் செக்கும் விழும்.

தற்காப்பில் நடக்கும் முதல் பிழை இங்கிருந்துதான் பிறக்கிறது. ராணி h5க்கு வந்ததும் அதை உடனே விரட்டிவிட வேண்டும் என்று கறுப்பு g6 ஆடுகிறது:

```
1. e4 e5  2. Qh5 g6??  3. Qxe5+
```

செக்கை எப்படித் தடுத்தாலும் ராணி அடுத்து h8 யானையை எடுத்துவிடும். g சிப்பாய் நகர்ந்ததால் e5இலிருந்து h8 வரையான மூலைவிட்டம் திறந்துகிடக்கிறது. ஆகவே g6 நல்ல நகர்வா, கெட்ட நகர்வா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. e5 காக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமையும்.

முதல் விடை: ராணியால் ராணியைத் தடுப்பது

மிகப் பழைய விடை, கறுப்பு தன் ராணியை e7இல் வைப்பது. ஒரே நகர்வில் e5, f7 இரண்டுக்கும் காவல் கிடைக்கிறது. வெள்ளை வேறு வரிசையில் வந்தால் இந்த விடை கட்டாயமே ஆகலாம்:

```
1. e4 e5  2. Bc4 Bc5  3. Qh5 Qe7
```

இங்கே கறுப்பு குதிரையை c6க்கு அனுப்பாமல் பிஷப்பை c5க்கு அனுப்பியிருக்கிறது. e5க்குக் காவல் இல்லை. g6 ஆடினால் மேலே கண்ட யானை இழப்பு நேரும். Nc6 ஆடி e5ஐக் காத்தால் f7இல் மேட். ராணியைத் தவிர வேறெதுவும் இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்யாது.

இந்த விடையின் பலம் அதன் பாதுகாப்பு. அதன் குறை, c5க்கு இன்னும் பிஷப் வராத ஆட்டங்களில் தெரியும். 2. Qh5 Nc6 3. Bc4 Qe7 என்று ஆடினால், f8இல் உள்ள பிஷப்பின் பாதையைக் கறுப்பின் சொந்த ராணியே அடைத்துவிடுகிறது. பிறகு அந்த பிஷப் வெளியே வர g6, Bg7 என்று சுற்றிவர வேண்டியிருக்கும். வெள்ளைக் குதிரை c3 வழியாக d5க்கு வந்துவிட்டால், e7 ராணியையும் c7 சிப்பாயையும் ஒருசேரத் தொடும். அவசரமாக ராணியை எடுத்ததற்காக எதிராளியைக் குறைசொல்லும் கறுப்பே, தன் ராணியை அவசரமாக ஓர் அசௌகரியமான கட்டத்தில் வைத்துவிடுகிறது. இதனால் ஆட்டம் தோற்காது. ஆனால் தண்டனை என்று சொல்லத்தக்க எதுவும் இதில் இல்லை.

வெள்ளை முதலில் பிஷப்பை c4க்கு அனுப்பும்போது கறுப்புக்கு இன்னும் எளிய வழி உண்டு. 2. Bc4க்கு 2...Nf6 என்று பதில் சொன்னால் h5 கட்டத்தைக் குதிரை காத்துநிற்கிறது. ராணி அங்கே வரவே முடியாது. தாக்குதல் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இரண்டாம் விடை: முதலில் குதிரை, பிறகு g6

இன்று பயிற்சியாளர்கள் பெரும்பாலும் கற்றுத்தரும் விடை இது:

```
1. e4 e5  2. Qh5 Nc6  3. Bc4 g6  4. Qf3 Nf6
```

இரண்டாம் நகர்வில் குதிரை e5ஐக் காக்கிறது. அதனால் மூன்றாம் நகர்வில் g6 பாதுகாப்பாகிறது. ராணி f3க்குப் பின்வாங்கி மறுபடி f7இல் மேட்டை மிரட்டுகிறது. இப்போது மறு குதிரை f6க்கு வந்து f வரிசையை மறிக்கிறது. மேட் அபாயம் நீங்கியதோடு, g7 கட்டம் பிஷப்புக்குத் தயாராக இருக்கிறது.

கணக்கைப் பார்க்கலாம். நான்கு நகர்வுகளில் வெள்ளை ராணியை இரண்டு முறை நகர்த்தியிருக்கிறது. வெளியே வந்திருப்பவை ராணியும் ஒரு பிஷப்பும். g1 குதிரைக்கு இயல்பான இடமான f3இல் ராணி உட்கார்ந்திருப்பதால், அந்தக் குதிரை e2 என்ற இரண்டாம்தர இடத்துக்குப் போக வேண்டும். கறுப்பின் இரண்டு குதிரைகளும் அவற்றுக்கு உரிய இடங்களில் நிற்கின்றன. g6 நகர்வும் வீண்போகவில்லை, அடுத்து வரும் பிஷப்புக்கு அது வழி.

இந்த விடைக்குக் கொள்கை அடிப்படையில் ஓர் ஆட்சேபம் எழலாம். உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் 1896இல் நூலாக வெளிவந்த தம் சொற்பொழிவுகளில் ஆரம்ப ஆட்டத்துக்குச் சில விதிகளைக் கூறினார். ராஜா, ராணி சிப்பாய்களைத் தவிர மற்றச் சிப்பாய்களை நகர்த்தாதே, ஒரே காயை இருமுறை நகர்த்தாதே, பிஷப்புக்கு முன் குதிரையை எடு என்பவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றின்படி வெள்ளை ராணியின் இரட்டை நகர்வு குற்றம். ஆனால் கறுப்பின் g6உம் குற்றமே. அது f6, h6 கட்டங்களில் சிப்பாய்க் காவலை இழக்கிறது. வெள்ளை d3, Nc3, Bg5 என்று அமைத்துக்கொண்டு f6 குதிரையை நெருக்கினால் அந்தப் பலவீனம் வெளியே தெரியும். ஆகவே இந்த வரிசையில் இரு பக்கமும் ஏதோ ஒன்றைச் செலவழித்திருக்கிறது. வெள்ளையின் செலவு கூடுதல் என்பதே பொதுக் கருத்து. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் வேறுபாடு.

மூன்றாம் விடை: சிப்பாயை விட்டுக்கொடுப்பது

மேட்டைத் தடுப்பதோடு நிற்காமல் உடனே விலை கேட்பவர்கள் e5 சிப்பாயைக் காக்கவே வேண்டாம் என்கிறார்கள்:

```
1. e4 e5  2. Qh5 Nf6  3. Qxe5+ Be7  4. Nc3 Nc6  5. Qf4 O-O
```

ஒரு சிப்பாய் போய்விட்டது. பதிலுக்குக் கறுப்பு பெற்றதை எண்ணலாம்: இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், முடிந்துபோன கேஸ்லிங். வெள்ளை ராணி h5, e5, f4 என்று மூன்று முறை நகர்ந்திருக்கிறது. அதைத் தவிர வெளியே வந்தது ஒரு குதிரை மட்டும். e வரிசையில் கறுப்பின் சிப்பாய் இல்லாததால், யானை e8க்கு வந்ததும் வெள்ளை ராஜாவுக்கு எதிரே நிற்கும். அடுத்து d5 ஆடி மையத்தையும் திறந்துவிடலாம்.

மூன்று நகர்வு முன்னிலை ஒரு சிப்பாய்க்குச் சமம் என்று செஸ்ஸில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி பார்த்தால் பேரம் நியாயமானதே. ஆனால் இந்த முன்னிலை தங்கிநிற்காது. கறுப்பு அடுத்த சில நகர்வுகளில் எதையாவது திறக்காவிட்டால், வெள்ளை கேஸ்லிங் செய்து காய்களை எடுத்துமுடித்து, ஒரு சிப்பாய் மிச்சத்தோடு நிம்மதியாக அமர்ந்துவிடும். தாக்கி ஆடத் தெரிந்தவருக்கு இது நல்ல ஆயுதம். நாலு மூவ் மேட்டைக் கண்டு பதறும் நிலையில் இருக்கும் மாணவருக்கு அதே வேகம் கைவருமா என்பது சந்தேகம்.

விரட்டுவதில் உள்ள பிழை

எல்லா விடைகளுக்கும் பொதுவான ஓர் அறிவுரை உண்டு: ராணியைத் தாக்கிக்கொண்டே காய்களை வெளியே எடு என்பது அது. அறிவுரை சரியானது. அதைப் பாதி மட்டும் காதில் வாங்கியவர்கள்தான் தோற்கிறார்கள். மேலே கண்ட நிலையில் 4. Qf3க்குப் பிறகு, d4க்குக் குதிரையைப் பாய்ச்சி ராணியைத் தாக்கலாமே என்று தோன்றும்:

```
4. Qf3 Nd4??  5. Qxf7#
```

ராணி தாக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது ஓட வேண்டிய அவசியமே எழவில்லை. மிரட்டலைக் கவனிக்காமல் விரட்டுவது, தானே மேட்டை அழைத்துக்கொள்வதாகும். ராணியைத் தாக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் முன் இரண்டு கேள்விகள் தேவைப்படுகின்றன. ராணி இப்போது என்ன மிரட்டுகிறது? ராணி அங்கே இல்லாவிட்டாலும் நான் இந்த நகர்வை ஆடுவேனா? இரண்டாம் கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், நேரத்தை இழப்பது எதிராளி மட்டுமல்ல.

அதே Nd4 பாய்ச்சல் ஒரு நகர்வு தள்ளி வந்தால் வேறு கதை. 4...Nf6க்குப் பிறகும் மேட் ஆசையை விடாத வெள்ளை வழக்கமாக இரண்டு வழிகளை முயலும். ஒன்று, ராணியை b3க்குக் கொண்டுபோய் பிஷப்பின் மூலைவிட்டத்திலேயே f7ஐத் தாக்குவது:

```
5. Qb3 Nd4  6. Bxf7+ Ke7  7. Qc4 b5
```

கறுப்பு ராஜா e7இல் நிற்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் வெள்ளை ராணிக்கு இப்போது போக்கிடம் இல்லை. c2 சிப்பாயையும் f7 பிஷப்பையும் ஒருசேரக் காக்க c4 ஒன்றே இடம். b5 சிப்பாய் அங்கிருந்தும் துரத்துகிறது. ராணி விலகியதும் ராஜா பிஷப்பை எடுத்துக்கொள்ளும். ஒரு சிப்பாய்க்கு ஒரு பிஷப் கறுப்புக்கு லாபம்.

மற்றது, g சிப்பாயைத் தள்ளி f6 குதிரையை விரட்டப் பார்ப்பது. g5 வந்து குதிரை விலகினால் மறுபடி f7 திறக்கும் என்பது எண்ணம்:

```
5. g4 Nd4  6. Qd1 d5  7. exd5 Bxg4
```

ராணி தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது. அதன் மூன்று நகர்வுகளும் வீண். கறுப்பின் இரண்டு குதிரைகளும் பிஷப்பும் தாக்குதலில் இருக்கின்றன. g4 பிஷப் d1 ராணியைப் பார்க்கிறது. வெள்ளை 8. Ne2 என்று மறித்தால் 8...Nf3+ 9. Kf1 Bh3#. 8. f3 என்று சிப்பாயால் மறித்தால் கறுப்பு 8...Ne4 ஆடுகிறது. குதிரையை 9. fxe4 என்று வெட்டினால் பிஷப் ராணியை எடுத்துவிடும். பிஷப்பை வெட்டினால் இப்படி முடியும்:

```
8. f3 Ne4  9. fxg4 Qh4+  10. Kf1 Qf2#
```

நாலு மூவ் மேட்டுக்கு வந்தவர் பத்தாவது நகர்வில் மேட் வாங்குகிறார். பயிற்சிப் புத்தகங்களில் இத்தகைய வரிசைகள்தான் தண்டனைக்கு உதாரணமாக வரும். ஆனால் கவனித்துப் பார்த்தால், இங்கே தண்டிக்கப்பட்டது இரண்டாம் நகர்வின் Qh5 அல்ல. தாக்குதல் தோற்றபிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்ட ஐந்தாம் நகர்வின் g4, அல்லது Qb3. வெள்ளை அங்கே அமைதியாக Ne2 ஆடியிருந்தால் இவற்றில் எதுவும் நிகழ்ந்திருக்காது.

எதிர்த்தரப்பு: ராணி வந்தால்தான் என்ன?

இந்த இடத்தில்தான் எதிர்வாதம் வலுப்பெறுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் பெர்னார்ட் பார்ஹாம் ராணியை ஆரம்பத்திலேயே எடுப்பதைத் தம் ஆட்ட முறையாகவே கொண்டு பல ஆண்டுகள் ஆடினார். 2. Qh5 நகர்வுக்கு இன்று அவர் பெயரும் வழங்குகிறது. அதைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தவர் ஹிகாரு நாகமுரா. 2005இல் கோபன்ஹேகன், மால்மோ நகரங்களில் நடந்த சிகேமன் போட்டியில், சென்னையின் கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக அவர் இதை ஆடினார். அப்போது நாகமுராவுக்கு வயது 17. அவரும் கிராண்ட்மாஸ்டர்தான்.

```
1. e4 e5  2. Qh5 Nc6  3. Bc4 g6  4. Qf3 Nf6
5. Ne2 Bg7  6. Nbc3 d6  7. d3 Bg4  8. Qg3
```

சசிகிரணின் பதில்கள் ஒவ்வொன்றும் மேலே சொன்ன இரண்டாம் கேள்வியில் தேறுகின்றன. குதிரைகள், பிஷப், d6 எல்லாம் எப்படியும் ஆட வேண்டிய நகர்வுகள். ஏழாம் நகர்வில் பிஷப் g4க்கு வந்து, வெளியேறும்போதே ராணியையும் தாக்கியது. ராணி மூன்றாம் முறையாக நகர்ந்தது. அவ்வளவுதான் தண்டனை. அதிரடி எதுவும் இல்லை. வெள்ளைக்கும் ஆடத்தக்க நிலையே கிடைத்தது. நீண்ட ஆட்டத்தின் முடிவில் சசிகிரண் வென்றார். ஆனால் அந்த வெற்றியை ஆரம்ப நகர்வின் கணக்கில் எழுதுவது கடினம். 2. Qh5 ஆடத்தக்கதே என்று நாகமுரா பிறகும் கருதினார்.

எதிர்த்தரப்புக்கு இன்னொரு சான்று ஸ்காண்டிநேவியன் ஆரம்பம். 1. e4 d5 2. exd5 Qxd5 3. Nc3 Qa5 என்ற வரிசையில் கறுப்பு ராணி இரண்டாம் நகர்விலேயே நடுவில் வந்து, மூன்றாம் நகர்வில் விரட்டப்படுகிறது. ஆனாலும் இது மதிப்புள்ள ஆரம்பம். 1995இல் நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்த் காஸ்பரோவுக்கு எதிராக இதை ஆடினார். ஆட்டத்தை இழந்தார், எனினும் ஆரம்பத்தைக் குறைகூறுவதற்கில்லை.

இந்த ஒப்பீட்டுக்கும் வரம்பு உண்டு. ஸ்காண்டிநேவியனில் ராணி வெளியே வருவதற்கு ஒரு விலை ஏற்கெனவே பெறப்பட்டுவிடுகிறது. வெள்ளையின் e சிப்பாய் மையத்தைவிட்டு மறைந்துவிட்டது. விரட்டப்பட்ட ராணிக்கு a5இல் மறுபடி எளிதாகத் தாக்கப்படாத இடமும் இருக்கிறது. 2. Qh5இல் இரண்டும் இல்லை. மையத்தில் எதுவும் மாறவில்லை, f3இல் நிற்கும் ராணி சொந்தக் குதிரைக்கே இடைஞ்சல். ஆகவே ஸ்காண்டிநேவியன் நிரூபிப்பது, அவசர ராணி எப்போதும் தவறல்ல என்பதை மட்டுமே. h5 ராணி சரி என்பதை அது நிரூபிக்கவில்லை.

மதிப்பீடு: முடிந்தவையும் முடியாதவையும்

சில விஷயங்களைத் தீர்ந்தவை என்று கொள்ளலாம். e5 காக்கப்படாதபோது g6 தோல்விக்கு வழி. குதிரை c6க்கு வந்தபின் g6, Nf6 நம்பகமான தற்காப்பு. பிஷப் c5இல் இருக்கும் நிலையில் e5ஐயும் f7ஐயும் ஒருசேரக் காக்க ராணி தேவைப்படுகிறது. மேட் முயற்சியை விடாமல் தொடரும் வெள்ளைக்கு, b3 வழியிலும் g4 வழியிலும் கடுமையான தண்டனை காத்திருக்கிறது.

தீராதது, முயற்சியை விட்டுவிட்டு அமைதியாக ஆடும் வெள்ளைக்கு எதிராகக் கறுப்பு எவ்வளவு பெறலாம் என்பது. இன்றைய கணினிக் கணிப்புகள் கறுப்புக்குச் சிறிது சாதகம் என்ற அளவில்தான் நிற்கின்றன. 2. Qh5ஐ முறியடிக்கும் நகர்வு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. பொதுவாக வெள்ளைக்கு இருக்கும் முதல் நகர்வின் நன்மை கரைந்துபோகிறது, ஒருவேளை கொஞ்சம் கைமாறுகிறது. தண்டனை என்ற சொல்லால் ஒரு மேட்டையோ காய் இழப்பையோ எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அந்த ஏமாற்றத்தில் செய்யும் அவசர விரட்டல்தான் 4...Nd4 போன்ற விபத்துகளுக்குக் காரணமாகிறது என்று கருத இடமுண்டு.

மூன்றாம் விடையான சிப்பாய்த் தியாகம், கொள்கையளவில் வெள்ளையை அதிகம் சோதிப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் e5 சிப்பாயை வெறுமனே காப்பதைவிட அது நடைமுறையில் கூடுதலாகத் தருமா என்பது ஆடுபவரின் தரத்தைப் பொறுத்து மாறக்கூடும். எந்த விடையை முதலில் கற்பிப்பது என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை. வரிசையை மனப்பாடம் செய்தவர், 2. Bc4 Bc5 3. Qh5 வந்ததும் அதே g6ஐ ஆடி யானையை இழக்கும் அபாயம் உண்டு. மிரட்டல்களை எண்ணக் கற்றவருக்கு அந்த அபாயம் குறைவு, ஆனால் அப்படிக் கற்க அதிக காலம் பிடிக்கும். இப்போதைக்குச் சொல்லக்கூடியது, தற்காப்பின் தரத்தை g6, Qe7 என்ற நகர்வுகளின் பெயரைக் கொண்டு மதிப்பிட முடியாது என்பதே. e5, f7 இரண்டையும் பார்த்த பிறகு அது ஆடப்பட்டதா என்பதே அளவுகோலாக இருக்க முடியும்.